பையனுக்கு பேர் வச்சாச்சு, நெருங்கின சொந்தம் மட்டும் (பட்டுப்புடவை சண்டையோட)

ஜெலுத்தோங் தேவி

வணக்கம் எல்லாருக்கும். போன ஞாயித்துக்கிழமை எங்க பையனுக்கு முப்பத்தொன்னாம் நாள் பிரேயர்ஸ் வீட்டுலயே முடிஞ்சுது. பினாங்குல எங்க ஃபிளாட் ஹால்ல எத்தன பேர் உக்கார முடியும்னு தெரியும்ல, அதனால ரெண்டு பக்கமும் தாத்தா பாட்டி, அவரோட அக்கா குடும்பம், என் தம்பி, பெரியம்மா, சித்தி, அவ்ளோதான். கூப்பிடலன்னு கோச்சுக்கிட்டவங்க லிஸ்ட்டு தனியா இருக்கு, அத பிறகு பாத்துக்கலாம்.

காலையில வீடு கழுவி மஞ்சத்தண்ணி தெளிச்சு, ஐயர் வந்து மஞ்சப்பிள்ளையார் பிடிச்சு, கும்பம் வச்சு புண்ணியாகவாசனம் பண்ணுனாரு. பிறகு தட்டுல பச்சரிசிய பரப்பி என் வீட்டுக்காரர அவர் மோதிரத்தாலேயே பேர எழுத சொன்னாரு. வெத்தலைய காதுக்கிட்ட மறைப்பா வச்சு வலது காதுல மூணு தடவ பேர் சொல்றப்ப என் வீட்டுக்காரருக்கு குரலே வரல, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் தொட்டில். எங்க மாமியார் வீட்டு வழக்கப்படி மொதல்ல குழவிக்கல்ல குளிப்பாட்டி துண்டு சுத்தி தொட்டில்ல போட்டு ஆட்டிட்டு, அப்புறம்தான் புள்ளைய போடணும். என் தம்பிதான் தாய்மாமனா தூக்கி போட்டான், கை நடுங்குது அவனுக்கு. பாட்டி தாலாட்டு பாடுனாங்க.

இதுல எனக்கு சொல்ல வேண்டியது என்னன்னா, பையனுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கு. பொறந்தப்பவே தொப்புள்கொடி ரத்தத்துல தெரிஞ்சு, வார்டுல வச்சு மஞ்சக்காமாலை பாத்துட்டுதான் வீட்டுக்கு விட்டாங்க. டிஸ்சார்ஜ் பண்றப்ப நர்ஸ் மிஸ்ஸி ஒரு தாள் கொடுத்தாங்க, எதெல்லாம் ஆகாதுன்னு. அதுல மொதல் வரிசையிலேயே பாச்சா உருண்டை. இப்ப யோசிங்க, தொட்டில் கட்டுறதுக்கு மாமியார் எடுத்து வச்சிருந்தது அவங்க கல்யாண புடவை, முப்பது வருஷமா அலமாரியில உருண்டையோட இருந்தது. பைய தொறந்ததும் வாசம் ஹால் வரைக்கும் வந்துச்சு. நான் வேண்டாம்னு சொன்னேன். அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் வீட்டுல ஒரே பேச்சு. கடைசியா புதுசா காட்டன் புடவை ஒன்னு வாங்கி தொவச்சு அதுல கட்டுனோம், கல்யாண புடவைய சாமி மேடைக்கு கீழ கூட வைக்கல, திரும்ப அலமாரிக்கே போயிடுச்சு. யாராச்சும் இந்த மாதிரி புள்ளைய வச்சு ஃபங்ஷன் பண்ணியிருக்கீங்களா, எப்டி சமாளிச்சீங்க?

கவின்மலர்

வாழ்த்துக்கள் தேவி!! பேர் என்னன்னு சொல்லவே இல்லயே, எந்த நட்சத்திரம்?

தாப்பா மாமா

தொவச்சு வெயில்ல ரெண்டு நாள் காயப்போட்டா போயிடும் மா. எங்க வீட்டுல எல்லா புள்ளையும் பாட்டி புடவையிலதான் வளந்துச்சு, ஒன்னும் ஆகல. இந்த காலத்து டாக்டருங்க எல்லாத்துக்கும் பயமுறுத்துவாங்க. மஞ்சளா இருந்தா காலையில வெயில்ல காட்டுங்க, சரியாயிடும்.

மிஸ்ஸி அக்கா

தேவி, நீங்க செஞ்சது சரி. நான் பிள்ளைங்க வார்டுல ரொம்ப வருஷம் வேல செஞ்சு ரிட்டயர் ஆனவ, இது எங்களுக்கு பழகுன கதை. குறைபாடு உள்ள புள்ளைக்கு ரத்த சிவப்பணுவ காப்பாத்துற அந்த என்சைம் கம்மி. பாச்சா உருண்டையில இருக்க நாப்தலீன் உடம்புக்குள்ள போனா அந்த சிவப்பணு உடஞ்சு போவும், உடஞ்சதுல இருந்து மஞ்சள் உண்டாகும். பெரியவங்களுக்கு ஈரல் அத வெளிய தள்ளிடும், பொறந்த புள்ளையோட ஈரல் இன்னும் வேல பழகிக்கிட்டுதான் இருக்கும், அதனால மஞ்சள் சர்ருன்னு ஏறும். ரொம்ப ஏறுனா மூளைய பாதிக்கும், அதுக்குதான் இவ்ளோ பயம்.

தாப்பா அண்ணா சொன்னதுல பாதி சரி, தொவச்சு காயப்போட்டா கொறையும். ஆனா முழுசா போகும்னு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது, மடிப்புல ஊறி போயிருக்கும். வாசம் வருதுன்னா இன்னும் இருக்குன்னு அர்த்தம். வாசம் வராட்டி இல்லன்னு சொல்லவும் முடியாது, ஏன்னா நம்ம மூக்கு அந்த வாசத்துக்கு பழகிப்போவும். அதோட தொட்டில் துணி புள்ள மூக்குக்கு ரொம்ப பக்கம், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்கும் பாருங்க. சட்டை மாதிரி மாத்தி போடுற துணி இல்ல அது.

இன்னொன்னு, புள்ளைக்கு எண்ணெய் தேச்சு குளிப்பாட்டுவீங்கதானே? நாப்தலீன் எண்ணெயில கரையும். எண்ணெய் தேச்ச தோலுல அந்த துணி பட்டா இன்னும் சீக்கிரமா உள்ள இறங்கும். அதனால எண்ணெய் தேக்குற நாள்ல துணி விஷயத்துல இன்னும் கவனமா இருங்க.

வெயில்ல காட்டுறத நாங்க சொல்றதில்ல அண்ணா. புள்ளைக்கு தண்ணி வத்திப்போவும், தோல் சுடும், அதுக்குள்ள மஞ்சள் ஏறுதா இறங்குதான்னு தெரியாது. கிளினிக்குல ரத்தம் எடுத்து பாக்குறதுதான் வழி, வேணும்னா ஆஸ்பத்திரி லைட்டுல போடுவாங்க.

ஜெலுத்தோங் தேவி

அக்கா எண்ணெய் விஷயம் எனக்கு யாரும் சொல்லல, இப்பவே அம்மாகிட்ட சொல்றேன். கவின்மலர், நட்சத்திரம் அஸ்தம் மூணாம் பாதம், அதுவே ஒரு தனி கதை, வரேன்.

ஈப்போ புது அப்பா

அண்ணி, அஸ்தம் மூணாம் பாதம்னா எழுத்து ண தானே! ண-ல தொடங்குற பேரே தமிழ்ல இல்ல. என் பொண்ணு உத்திரட்டாதி, அதுலயும் ஞ வரும், நாங்க ஞானின்னு வச்சிட்டோம், ஆனா ரூமில, அதான் ஆங்கில எழுத்துல, எழுதுறப்ப ஜே போடறதா என் ஒய் போடறதான்னு ரெண்டு வாரம் சண்ட. நீங்க ஷ எழுத்துல வைக்கலாமே, ஷண்முகம் நல்ல பேர்.

ஜெலுத்தோங் தேவி

தம்பி, பேர் வச்சாச்சு லா, மொதல் போஸ்ட்லயே சொல்லிட்டேன் 😂 படிக்காமலேயே பேர் தேடி கொடுக்கிறீங்க.

சரி கதைய சொல்றேன். என் வீட்டுக்காரருக்கு பையன் பொறக்குறதுக்கு முன்னாடிலேர்ந்தே மாறன்னு வைக்கணும்னு ஆச. மாமியாருக்கு நட்சத்திர எழுத்து இல்லாம பேர் வச்சா ஆகாது. ஐயர்கிட்ட கேட்டப்ப அவர் சொன்னாரு, ண எழுத்துல பேர் வைக்க முடியாதுன்னு பல பஞ்சாங்கத்துலயே அந்த இடத்துல ந போட்டிருப்பாங்க, நீங்க ந எடுத்துக்கலாம்னு. அப்ப எங்க சித்தி, தமிழ் டீச்சரா இருந்தவங்க, அங்கேயே உக்காந்து “அப்ப நன்மாறன்னு வைங்களேன், புறநானூறுலயே அந்த பேர்ல பாண்டிய ராஜா இருக்காரு”ன்னு சொன்னாங்க. எல்லாரும் ஒரு நிமிஷம் யோசிச்சாங்க, மாமியாருக்கு ந கெடச்சிடுச்சு, அவருக்கு மாறன் கெடச்சிடுச்சு. நன்மாறன். வீட்டுல கூப்பிடுறது மாறா தான்.

கவின்மலர்

ஐயோ அழகா இருக்கு!! பேர் பதிஞ்சாச்சா? 60 நாளைக்குள்ள போயிடணும்.

ஜெலுத்தோங் தேவி

இன்னும் இல்ல, அதுக்குதான் பிரேயர்ஸ் முடியட்டும்னு இருந்தோம். அடுத்த வாரம் ஜேபிஎன் போறோம். ரூமில ஒரு ஏவா ரெண்டு ஏவான்னு இன்னும் முடிவாகல.

ஈப்போ புது அப்பா

ரெண்டு ஏ போடுங்க அண்ணி, இல்லன்னா நன்மரன்னு கூப்பிடுவாங்க, மரம் மாதிரி 😅 அப்புறம் கவுண்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பிரிண்ட் பண்ணி காட்டுறத எழுத்து எழுத்தா விரல் வச்சு படிங்க. புள்ள பேரு மட்டும் இல்ல, உங்க ரெண்டு பேரோட பேரும் ஐசியில இருக்க மாதிரியே இருக்கான்னு பாருங்க. பிறகு மாத்தணும்னா தனியா அப்ளிகேஷன், டாக்குமெண்ட் எல்லாம் வேணும்.

செல்வி சுங்கைபட்டாணி

தேவி, நீங்க சொன்ன புடவை சண்ட எங்க வீட்டுலயும் வந்துச்சு ஆனா வேற மாதிரி. நாங்க தொட்டில் துணி எல்லாம் புதுசு வாங்கிட்டோம், ஆனா ஃபங்ஷன் அன்னிக்கு வந்த பெரியவங்க எல்லாரும் பட்டுப்புடவை கட்டிட்டு வந்து புள்ளைய மார்போட அணச்சு மடியில போட்டு கொஞ்சுறாங்க. அந்த பட்டு எங்கிருந்து வந்துச்சு? அலமாரியில உருண்டைக்கு நடுவுல இருந்து அன்னிக்கு காலையிலதான் எடுத்தது! அத யோசிச்சீங்களா?

ஜெலுத்தோங் தேவி

செல்வி அக்கா, அதுதான் பெரிய சண்டையே, இங்க போட வெக்கமா இருந்துச்சு. ஃபங்ஷனுக்கு பத்து நாள் முன்னாடியே குடும்ப வாட்ஸ்அப்ல நான் ஒரு மெசேஜ் போட்டேன்: அலமாரியில உருண்டையோட இருந்த துணிய கட்டிட்டு வரவங்க புள்ளைய தூக்க வேண்டாம், தூக்கணும்னா தொவச்ச காட்டன் கட்டிட்டு வாங்க, காரணம் இதுன்னு எழுதி ஆஸ்பத்திரியில கொடுத்த தாள போட்டோ எடுத்தும் போட்டேன். பெரியம்மாக்கு செம கோபம். “புள்ள நல்ல காரியத்துக்கு பட்டு கட்டாம என்ன நைட்டி போட்டுட்டு வரவா”ன்னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. மூணு பேர் குரூப்ப விட்டே போயிட்டாங்க.

எப்டி முடிஞ்சுதுன்னா, அவரோட அக்கா ஒரு யோசனை சொன்னாங்க. வீட்டு வாசல்லயே ஒரு பேக்குல சுத்தமா தொவச்ச பருத்தி துண்டு வச்சோம். பட்டு கட்டுனவங்க புள்ளைய வாங்குறப்ப தோள்ல இருந்து மடி வரைக்கும் அந்த துண்ட போத்திட்டு வாங்கணும், நேரம் அஞ்சு நிமிஷத்துக்குள்ள, மீதி நேரம் தொட்டில்ல. பெரியம்மா பட்டுலதான் வந்தாங்க, ஆனா துண்டு போத்திட்டுதான் தூக்கினாங்க. இது சரியான வழியான்னு தெரியல மிஸ்ஸி அக்கா, நீங்க சொல்லுங்க.

மிஸ்ஸி அக்கா

தடுப்புன்னு சொல்ல முடியாது, கொறைக்கும். வாசம் மூச்சுல போறத துண்டு நிறுத்தாது. ஆனா அஞ்சு நிமிஷம் தூக்குறதுக்கும் நாள் முழுக்க தொட்டில்ல தூங்குறதுக்கும் நெறைய வித்தியாசம், அதனால நீங்க பெரிய இடத்துல கவனமா இருந்தீங்க, அது போதும். அடுத்த தடவ இன்னும் முன்னாடி சொல்லுங்க, பட்ட நிழல்ல சில நாள் விரிச்சு வச்சிட்டு கட்ட சொல்லுங்க. உங்க வீட்டு அலமாரியில இனி வேப்பிலையோ கிராம்போ துணி பையில கட்டி போடுங்க, பூச்சிய ஓரளவுக்கு தடுக்கும், ஆனா மாசாமாசம் மாத்தணும்.

இனி வர நாள்ல எத பாக்கணும்னு சொல்றேன். கண் வெள்ளையும் தோலும் மறுபடி மஞ்சளா ஆறது, உதடு உள்ளங்கை வெளுத்துப்போறது, மூத்திரம் கடும் தேத்தண்ணி கலர்ல வரது, பால் குடிக்காம தூங்கிட்டே இருக்கிறது. இதுல எது வந்தாலும் மறுநாள் கிளினிக் தொறக்கட்டும்னு இருக்காதீங்க, அவசரப் பிரிவுக்கு போங்க, போனதும் ஜி6பிடின்னு மொதல்ல சொல்லுங்க, எதாச்சும் வாசம் பட்டுச்சான்னு கேட்டா மறைக்காம சொல்லுங்க. பட்ட அன்னிக்கே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சும் வரலாம்.

பத்துகேவ்ஸ் பையன்

மிஸ்ஸி அக்கா ஒரு டவுட். கடையில விக்குற எல்லா உருண்டையும் நாப்தலீன் இல்ல, சிலது வேற கெமிக்கல்னு படிச்சிருக்கேன். அப்ப அந்த வகை ஓகேதானே?

மிஸ்ஸி அக்கா

வேற கெமிக்கல் உள்ளது இருக்கு தம்பி. ஆனா பாட்டி அலமாரியில முப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்டது எதுன்னு யாருக்கு தெரியும்? பாக்குறதுக்கு எல்லாம் ஒரே வெள்ளை உருண்டைதான். அதனால எதையும் இந்த புள்ள பக்கத்துல வைக்க வேண்டாம்னுதான் நாங்க சொல்வோம்.

தாப்பா மாமா

சரி, நான் ஒத்துக்கிறேன். ஆனா கற்பூர ஆரத்தி? அதுவும் ஆகாதுன்னா சாமிக்கு என்ன காட்டுறது? எங்க கம்பத்துல கிளினிக்குல கொடுத்த தாள்ல காப்பூர் பாருஸ்னு போட்டிருந்துச்சு, என் மருமக அன்னிலேர்ந்து வீட்டுல கற்பூரமே கொளுத்துறதில்ல.

ஜெலுத்தோங் தேவி

மாமா, நாங்க கற்பூரம் ஹால்ல கொளுத்தல, நெய் தீபம்தான் காட்டுனோம். ஐயர் ஒன்னும் சொல்லல. சாம்பிராணி புகைய வாசலுக்கு வெளிய காட்டிட்டு புகை போனப்புறம் புள்ளைய ஹாலுக்கு கொண்டு வந்தோம்.

மிஸ்ஸி அக்கா

அண்ணா, மலாய்ல காப்பூர் பாருஸ்னு சொல்றப்ப சில நேரம் கற்பூரத்தையும் சில நேரம் பாச்சா உருண்டையையும் சேத்து சொல்லிடுவாங்க, தாள்ல அதனாலதான் குழப்பம். தூரத்துல ஒரு நிமிஷம் காட்டுற ஆரத்தியினால என்ன ஆகும்னு நான் உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா கற்பூரத்த புள்ள மேல தேய்க்கிறது, கற்பூரம் கலந்த தைலம் நெஞ்சுல பூசுறது, துணியில முடிஞ்சு தொட்டில்ல கட்டுறது இதெல்லாம் கூடாது, குறைபாடு இல்லாத புள்ளைக்கும்தான். தேவி செஞ்ச மாதிரி நெய் தீபம் காட்டிட்டா பிரச்சனையே இல்ல. இன்னொன்னு, மருதாணியும் வேண்டாம். சில வீட்டுல புள்ள உள்ளங்கையில வச்சு விடுவாங்க, இந்த புள்ளைக்கு அதுவும் ரத்தத்த உடைக்கும்.

கவின்மலர்

சேனை வச்சீங்களா தேவி? எங்க வீட்டுல பேர் வைக்கிற அன்னிக்கு பெரியவங்க தேன் தொட்டு வைப்பாங்க, சுத்தமான தேன்னா ஒன்னும் ஆகாது, நாங்க பினாங்கு மலைத்தேனாவே வாங்கி வச்சோம்.

மிஸ்ஸி அக்கா

கவின்மலர், இத மட்டும் நான் கோபமாவே சொல்லிடறேன். ஒரு வயசு ஆகுற வரைக்கும் எந்த புள்ளைக்கும் தேன் கூடாது, இதுக்கும் ஜி6பிடிக்கும் சம்பந்தமே இல்ல. தேன்ல ஒரு கிருமியோட வித்து இருக்கலாம், அது புள்ள குடல்ல மொளச்சு விஷம் விடும். தேன் சுத்தமா இருந்தாலும் அது போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. மொதல்ல மலம் போகாம இருக்கும், அப்புறம் அழுக மெலிசாகும், பால் இழுக்க தெம்பு இருக்காது, தல நிக்காம தொங்கும். உங்க புள்ளைக்கு எப்ப கொடுத்தீங்க?

கவின்மலர்

அது மூணு வருஷம் முன்னாடி அக்கா, இப்ப ஓடி ஆடுறான். அடுத்த புள்ளைக்கு செய்யல.

ஜெலுத்தோங் தேவி

நாங்க சேனைக்கு என்னோட தாய்ப்பால வெள்ளி சங்குல எடுத்து தாத்தா ஒரு சொட்டு உதட்டுல வச்சாரு, மாமியாரே அத சொன்னாங்க, அதனால சந்தோஷமா இருந்துச்சு. வெள்ளி சங்க கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டுதான்.

காப்பு, அரைஞாண் கொடி எல்லாம் போட்டோம், ஆனா ஃபங்ஷன் முடிஞ்சதும் கழட்டி வச்சாச்சு. கழுத்துல ஒன்னும் போடல. வசம்பு வளையல் மட்டும் அம்மா கட்டி விட்டாங்க, அத வாயில வைக்க ஆரம்பிச்சா கழட்டணும்னு சொல்லி வச்சிருக்கேன்.

செல்வி சுங்கைபட்டாணி

ஒன்னு கேக்கணும், பேர உங்க வீட்டுக்காரர் காதுல சொன்னாருன்னு போட்டீங்க. எங்க பக்கம் அத்தைதான் பேர் சொல்லணும், அப்பா அரிசியில எழுதுறது மட்டும்தான். உங்க நாத்தனார் விட்டு கொடுத்துட்டாங்களா?

ஜெலுத்தோங் தேவி

விட்டு கொடுக்கல! 😅 ஐயர் அப்பாதான் சொல்லணும்னு சொன்னாரு, எங்க அம்மா வீட்டுலயும் அப்டிதான் பண்ணியிருக்காங்க. ஆனா அண்ணி, இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து அத்தை உரிமைன்னு சொல்லி, அவர் மூணு தடவ சொன்னதுக்கு அப்புறம் தொட்டில்ல போட்டப்ப அவங்களும் ஒரு தடவ காதுல சொல்லிட்டாங்க. அதுவும் அவங்க மாறன்னு சொன்னாங்க, “நன்”ன விட்டுட்டு! மாமியார் காதுல விழுந்துச்சு.

பத்துகேவ்ஸ் பையன்

அப்ப சட்டப்படி எது பேரு 😂

தாப்பா மாமா

அத்தைதான். எங்க ஊர்ல எல்லாரும் அத்தைதான். ஐயருங்களுக்கு இது தெரியாது.

செல்வி சுங்கைபட்டாணி

தாப்பா மாமா சொல்றதும் எல்லா ஊருக்கும் இல்ல. எங்க வீட்டுக்காரர் பக்கம் தாத்தாதான் சொல்வாரு, அத்தைக்கு தொட்டில் கயித்த பிடிச்சு ஆட்டுற உரிமைதான், அதுக்கு சீரும் உண்டு. உங்க அண்ணிக்கு சீர் கொடுத்தீங்களா தேவி? அதுல கோச்சுக்கிட்டாங்களோ?

ஜெலுத்தோங் தேவி

புடவை எடுத்து கொடுத்தோம் அக்கா. அதுவும் பட்டுதான், கடையிலேர்ந்து நேரா. அண்ணி வாங்கி பாத்துட்டு, வீட்டுக்கு போய் அலமாரியில உருண்டை போட்டு வைக்கிறேன்னு சொன்னாங்க, எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. கிராம்பு பை ஒன்னு தைச்சு கொடுத்துருக்கேன், போடுறாங்களான்னு அடுத்த ஞாயிறு வரப்ப தெரியும்.